நீளமான லேண்டிங் பேஜில் ஆர்டர் பட்டனை எங்கே வைப்பது? ஓர் அரிசிப் பக்கத்தைப் பிரித்து அடுக்கிய விதம்

மன்னார்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பாரம்பரிய நெல் பயிரிட்டு, அரிசியாக்கி, நேரடியாக விற்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. வியாபாரத்தைக் கவனிப்பது வீட்டு மருமகள். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சென்னையில் வேலை பார்க்கும் அவர் கொழுந்தனார் ஆசை ஆசையாக ஒரு லேண்டிங் பேஜ் எழுதிக் கொடுத்திருந்தார். ஃபேஸ்புக்கில் கொஞ்சம் விளம்பரமும் போட்டுப் பார்த்தார்கள். ஆட்கள் வந்தார்கள், ஆர்டர் வரவில்லை.

"பாத்தவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க தம்பி. வாங்கத்தான் மாட்டேங்கிறாங்க" என்றார் அக்கா.

லேண்டிங் பேஜ் என்பது விளம்பரத்தையோ வாட்ஸ்அப்பில் வந்த லிங்கையோ தட்டியதும் ஒருவர் வந்து இறங்குகிற பக்கம். வந்தவர் ஒரே ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. இங்கே அந்தக் காரியம் அரிசிக்கு ஆர்டர் சொல்வது. அதைச் செய்யச் சொல்லும் இடத்தைத்தான் தொழிலில் கால் டு ஆக்‌ஷன் என்கிறோம். நான் இந்தக் கட்டுரை முழுக்க 'ஆர்டர் பட்டன்' என்றே எழுதுகிறேன்.

அந்தப் பக்கம் மேட்டூர் அணை திறப்பில் ஆரம்பித்தது. பிறகு குறுவை, சம்பா, தாளடி விளக்கம். பிறகு தாத்தா காலத்து விவசாயம். பிறகு திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்ட வரலாறு. அதன்பின் ஏழு ரக அரிசிக்கும் ஆளுக்கொரு பத்தி, சமைக்கும் முறை, கொரியர் விவரம், விலைப்பட்டியல். கடைசியில் ஒரு படிவம், அதன் அடியில் 'சமர்ப்பிக்கவும்' என்று ஒரு பட்டன். எழுதியதில் பொய் ஒரு வரி இல்லை. நன்றாகவும் எழுதியிருந்தார். வரிசைதான் தப்பு.

முதலில் பக்கத்தின் நீளத்தைத் திரைக்கணக்கில் அளந்துகொள்ளுங்கள்

பக்கத்தை உருவாக்குபவர் லேப்டாப்பில் பார்க்கிறார். வாங்குபவர் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்க்கிறார். லேப்டாப்பில் அகலமாகப் பரவிக் கிடக்கும் மூன்று பெட்டிகள் போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்து மூன்று மடங்கு நீளமாகிவிடும். ஆகவே அளவை போனில்தான் எடுக்க வேண்டும்.

எளிய வழி, பக்கத்தைப் போனில் திறந்து, பட்டன் கண்ணில் படும்வரை எத்தனை முழுத்திரை தள்ள வேண்டியிருக்கிறது என்று எண்ணுவது. துல்லியமாக வேண்டுமென்றால் கணினியில் குரோமைத் திறந்து, F12 தட்டி, போன் வடிவப் பார்வைக்கு மாற்றி, Console பகுதியில் இதைக் கொடுங்கள்:

```
document.documentElement.scrollHeight / window.innerHeight
```

வரும் எண்தான் பக்கத்தின் மொத்தத் திரைகள். அக்காவின் பக்கத்துக்கு 17 வந்தது. விலை 15-ஆவது திரையில் இருந்தது, பட்டன் 17-இல்.

இதை ஏன் திரைக்கணக்கில் பார்க்கிறோம் என்றால், மனிதர்களின் கவனம் திரைதிரையாகத்தான் கரைகிறது. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் நீல்சன் நார்மன் குழு 2018-இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வில், மக்கள் பக்கத்தைப் பார்த்த மொத்த நேரத்தில் 57 சதவீதம் முதல் திரையிலேயே செலவாகியிருந்தது. முதல் இரண்டு திரைகளைச் சேர்த்தால் 74 சதவீதம். அது கணினித் திரையில் செய்த ஆய்வு. போனுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் மேலே நிறைய, கீழே போகப் போகக் கொஞ்சம் என்ற சரிவு எங்கேயும் இருக்கும். உங்கள் பக்கத்தில் அந்தச் சரிவு எந்த இடத்தில் செங்குத்தாகிறது என்பதுதான் அடுத்துத் தெரிய வேண்டியது.

எங்கே எழுந்து போகிறார்கள் என்று பார்ப்பது

கூகுள் அனலிட்டிக்ஸ் போட்டிருப்பவர்கள் அதில் 'scroll' என்ற நிகழ்வைப் பார்த்திருப்பீர்கள். மாற்றாமல் விட்டால் அது பக்கத்தின் 90 சதவீதத்தைத் தாண்டியவர்களை மட்டுமே எண்ணும். நடுவில் போனவர் மூன்றாம் திரையில் போனாரா பத்தாவதில் போனாரா என்று அது சொல்லாது. இந்த வேலைக்கு நான் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியைப் பயன்படுத்துகிறேன். இலவசம். அது தரும் கோட் துணுக்கைப் பக்கத்தில் ஒட்டினால் போதும், ஸ்க்ரோல் வரைபடம் கிடைக்கும். எந்த உயரத்துக்கு எத்தனை சதவீதம் பேர் வந்தார்கள் என்று பக்கத்தின் மேலேயே நிறமாகக் காட்டும்.

படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். போன் பார்வையாளர்களை மட்டும் தனியாக வடிகட்டிப் பாருங்கள், கணினியோடு கலந்தால் இரண்டும் குழம்பும். உங்கள் வீட்டு இணைய இணைப்பின் IP முகவரியை விலக்கிவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே பத்துத் தடவை கீழே வரை போய்வந்தது கணக்கில் ஏறிவிடும். சில நூறு வருகையாவது சேரும்வரை முடிவு எடுக்காதீர்கள்.

முதல் திரையிலேயே நிறையப் பேர் திரும்பிப் போவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அதில் ஒரு பங்கு கை தவறி விளம்பரத்தைத் தட்டியவர்கள். பார்க்க வேண்டியது, இறங்கி வந்தவர்கள் எந்தப் பகுதியின் வாசலில் கூட்டமாக நின்றுவிடுகிறார்கள் என்பது. அக்காவின் பக்கத்தில் அது தாத்தா கதை முடிந்து நெல் ரகங்களின் வரலாறு தொடங்கும் இடம், ஐந்தாவது திரை. அதுவரை வந்தவர்களுக்கு அரிசி எந்த விலை, எங்கள் ஊருக்கு வருமா என்ற எதுவும் தெரிந்திருக்காது. பட்டனைப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

நான் முதலில் செய்த தவறு

இந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: பட்டனைத் தூக்கி மேலே வை. வைத்தேன். மேட்டூர் அணைப் படத்துக்குக் கீழே, பச்சை நிறத்தில், 'இப்போதே வாங்குங்கள்'. தட்டினால் வாட்ஸ்அப் திறக்கும்.

பட்டனைத் தட்டினார்கள். ஒரு வாரத்தில் அக்காவின் போனுக்கு 30-க்கும் மேல் செய்தி வந்தது. ஆனால் ஆர்டர் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தது. அக்கா பதில் சொல்லிக் களைத்ததுதான் மிச்சம். அந்தச் செய்திகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பாதிக்கு மேல் 'விலை என்ன?' என்றுதான் ஆரம்பித்தன. அடுத்து 'கோயம்புத்தூருக்கு அனுப்புவீங்களா?', 'குறைஞ்சது எத்தனை கிலோ வாங்கணும்?'. சிலர் 'இது பச்சரிசியா புழுங்கலா?' என்று கேட்டிருந்தார்கள்.

முடிவெடுப்பதற்கு முன்னால் ஒருவருக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ, அது பட்டனுக்கு மேலே இருக்க வேண்டும். அது இல்லாமல் பட்டனை மட்டும் உயர்த்தினால், பக்கம் செய்ய வேண்டிய வேலை வாட்ஸ்அப்புக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். எந்தக் கேள்விகள் மேலே போக வேண்டும் என்று யோசித்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வந்த செய்திகளே சொல்லிவிடும். உங்களிடம் வாட்ஸ்அப் விசாரணைகள் இருந்தால் கடைசி 30-ஐ எடுத்து, ஒவ்வொன்றின் முதல் கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதி எண்ணுங்கள். அதிகம் வந்த மூன்று கேள்விகளுக்கான பதில்தான் உங்கள் முதல் திரை. போனில் பேசித்தான் விற்கிறீர்கள் என்றால், ஒரு வாரம் போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து அதே வேலையைச் செய்யலாம்.

துண்டுதுண்டாக வெட்டி மறுபடி அடுக்குவது

கணினியை மூடிவிட்டு, பக்கத்தை அச்செடுத்துக் கத்தரியால் பகுதிபகுதியாக வெட்டினோம். அக்காவின் வீட்டுத் திண்ணையில் பரப்பி வைத்து, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் 'இது யாருடைய எந்தக் கேள்விக்குப் பதில்?' என்று பென்சிலால் எழுதினோம். மேட்டூர் அணைத் துண்டில் எழுத ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. தாத்தா கதையில் ஒரு வரி மட்டும் 'இவங்க நெஜமாவே விவசாயிங்களா, வாங்கி விக்கிறவங்களா?' என்ற சந்தேகத்துக்குப் பதிலாக நின்றது. சமைக்கும் முறைத் துண்டில் 'கவுனி வேகவே மாட்டேங்குது' என்ற குறைக்குப் பதில் இருந்தது.

அப்போது மூன்று குவியல் ஆனது. முடிவெடுக்கத் தேவையானவை ஒன்று. தயங்குபவரின் சந்தேகத்தைத் தீர்ப்பவை இன்னொன்று. விருப்பமுள்ளவர் படித்து மகிழ்பவை மூன்றாவது. புதிய வரிசையும் அதுதான். எதையும் தூக்கி எறியவில்லை. கொழுந்தனார் எழுதிய வரலாறு கடைசிக் குவியலில் பத்திரமாக இருக்கிறது, முழுசாக. அதைத் தேடி வந்து படிப்பவர்களும் உண்டு.

பழைய முதல் திரையில் அணையின் படமும், 'காவிரி பாய்ந்த மண்ணின் பாரம்பரியச் சுவை' என்ற தலைப்பும் இருந்தன. தலைப்பைப் படித்தால் விற்பது அரிசியா, காபியா, சுற்றுலாவா என்று தெரியாது. இப்போது இருப்பது இது:

'தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி: எங்கள் வயலில் விளைந்த அரிசி, உங்கள் வீட்டுக்கு.
தூயமல்லி புழுங்கல் 5 கிலோ 750 ரூபாய், கொரியர் சேர்த்து. தமிழ்நாடு முழுவதும் அனுப்புகிறோம்.
[வாட்ஸ்அப்பில் ஆர்டர் சொல்ல]
மற்ற ரகங்களின் விலை கீழே.'

அதிகம் கேட்ட மூன்று கேள்விகளும் அதில் அடங்கிவிட்டன. 5 கிலோவிலிருந்து வாங்கலாம் என்பதும் தனியாகச் சொல்லாமலே தெரிகிறது. ஏழு ரக விலையையும் முதல் திரையில் திணிக்க அக்கா விரும்பினார். நான் வேண்டாம் என்றேன். அதிகம் விற்கும் ஒன்றின் விலையைச் சொன்னால் மற்றவை எந்த அளவில் இருக்கும் என்று ஒரு மதிப்பு வந்துவிடும். ஏழும் வரிசையாக நின்றால் பட்டன் இரண்டாம் திரைக்குப் போய்விடும்.

படம் வேண்டும், ஆனால் அது திரையை விழுங்கக் கூடாது. அணையின் படத்தை எடுத்துவிட்டு, முறத்தில் கொட்டிய தூயமல்லியை அருகில் எடுத்த படத்தை வைத்தோம். உயரத்தை இப்படிக் கட்டினேன்:

```
.hero img { width: 100%; height: 35svh; object-fit: cover; }
```

`svh` என்பது போனில் முகவரிப் பட்டை தெரியும்போது மிஞ்சும் சின்னத் திரையின் உயரம். பலர் `100vh` போட்டு முதல் பகுதியை அமைப்பார்கள். முகவரிப் பட்டை மேலே நிற்கும்போது அதன் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடும், பட்டன் இருப்பது அந்த அடிப்பகுதியில்தான். உங்கள் லேப்டாப்பில் இது தெரியவே தெரியாது. இன்னொன்று, முதல் படத்துக்கு `loading="lazy"` வேண்டாம். அது கீழே உள்ள படங்களுக்குத்தான். எல்லாப் படங்களுக்கும் `width`, `height` குறிப்பிடுங்கள். இல்லையென்றால் படம் தாமதமாக வந்து இறங்கும்போது பட்டன் துள்ளிக் கீழே ஓடும், தட்ட வந்த விரல் வேறெதன் மேலாவது படும்.

பட்டனில் என்ன எழுதுவது, தட்டினால் என்ன நடக்க வேண்டும்

'சமர்ப்பிக்கவும்' என்பது அரசு அலுவலகப் படிவத்துக்குரிய சொல். 'இப்போதே வாங்குங்கள்' என்றால் உடனே பணம் கட்டச் சொல்வார்களோ என்ற தயக்கம் வரும். தட்டினால் என்ன ஆகும் என்பதையே பட்டனில் எழுதுங்கள். 'வாட்ஸ்அப்பில் ஆர்டர் சொல்ல' என்பதில் மர்மம் எதுவும் இல்லை.

வாட்ஸ்அப் திறந்ததும் வெறும் பெட்டியாக இருந்தால் பலர் என்ன எழுதுவது என்று யோசித்தே மூடிவிடுவார்கள். செய்தியை முன்கூட்டியே நிரப்பிக் கொடுக்கலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=...
```

எண்ணை 91-இல் தொடங்கி, கூட்டல் குறியோ இடைவெளியோ இல்லாமல் எழுத வேண்டும். `text=` என்பதற்குப் பின் தமிழை அப்படியே போட்டால் சில இடங்களில் வெட்டுப்படும். குரோம் Console-இல் கீழே உள்ளதைக் கொடுத்தால் மாற்றிய வடிவம் கிடைக்கும், இருபக்க மேற்கோள் குறிகளை விட்டுவிட்டு அதை ஒட்டுங்கள்:

```
encodeURIComponent("வணக்கம். தூயமல்லி 5 கிலோ வேண்டும். அனுப்ப வேண்டிய ஊர்: ")
```

'ஊர்:' என்று முடித்ததற்குக் காரணம் உண்டு. வாடிக்கையாளர் நிரப்ப வேண்டியது ஒரே ஒரு சொல். அதை எழுதி அனுப்பியதும் அக்காவுக்கு ஆர்டர் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.

மீதிப் பக்கம், மீண்டும் பட்டன்

முதல் திரையிலேயே எல்லோரும் வாங்கிவிட மாட்டார்கள். கீழே போகிறவர் சந்தேகத்தோடு போகிறார். ஒரு சந்தேகம் தீர்ந்த இடத்தில் பட்டன் கைக்கு எட்ட வேண்டும். ஆகவே விலைப்பட்டியலுக்குக் கீழே ஒன்று, கேள்வி பதிலுக்குக் கீழே ஒன்று என்று அதே பட்டன், அதே நிறம், அதே வாசகம். நடுவில் 'யூடியூபில் பின்தொடருங்கள்', 'எங்கள் குழுவில் சேருங்கள்' என்று வேறு எதையும் கேட்கவில்லை. கேள்வி பதிலில் உண்மையான சந்தேகங்களைப் போட்டோம். கருப்புக் கவுனியை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும் என்பதும், தவிடு நீக்காத அரிசி சீக்கிரம் வண்டு பிடிக்கும், ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள் என்பதும் அதில் உண்டு. பின்னதை எழுத அக்காவுக்கு முதலில் மனமில்லை. பிறகு அவரே 'சொல்லாம வித்துட்டு அப்புறம் திட்டு வாங்குறதுக்கு இது மேல்' என்று ஒத்துக்கொண்டார்.

போனில் திரையின் அடியில் ஒட்டி நிற்கும் பட்டையும் வைக்கலாம். பலர் `position: fixed` போட்டு, பக்கத்தின் கடைசி வரிகளை அந்தப் பட்டையாலேயே மறைத்துவிடுகிறார்கள். `body`-யின் கடைசி உறுப்பாகப் பட்டையை வைத்து இப்படிக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை:

```
.order-bar { position: sticky; bottom: 0; padding: 8px 16px; background: #fff; }
.order-bar a { display: block; min-height: 48px; line-height: 48px; text-align: center; }
```

பக்கத்தின் முடிவுக்கு வந்ததும் பட்டை தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பட்டை ஒட்டவில்லை என்றால் அதை உள்ளடக்கிய ஏதோ ஒரு பகுதியில் `overflow: hidden` இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள். முதல் திரையின் பட்டனும் பட்டையும் ஒரே நேரத்தில் தெரிந்தால் நெருக்கடியாக இருக்கும் என்பதால், கொஞ்சம் கீழே போன பிறகே பட்டை தோன்றும்படி அமைப்பது நல்லது.

இந்த வரிசை எல்லாவற்றுக்கும் பொருந்தாது

விலை தெரிந்ததும் முடிவெடுக்கக்கூடிய பொருளுக்கு மேலே சொன்ன வரிசை சரி. சுவாமிமலையில் செய்யும் பஞ்சலோகச் சிலை அப்படியல்ல. மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றி, பிறகு நாள்கணக்கில் செதுக்குகிறார்கள். இது தெரியாதவருக்கு முதல் திரையில் விலையைக் காட்டினால் அந்த விலை வெறும் அதிர்ச்சிதான். அங்கே பட்டனுக்கு முன்னால் வேலைப்பாட்டைக் காட்டும் இரண்டு மூன்று திரைகள் தேவைப்படும். ஆனால் அங்கேயும் முதல் திரையில் பட்டன் உண்டு, அது கேட்பதுதான் சிறியதாக இருக்கும்: 'வேண்டிய உயரம் சொல்லி விலை கேட்க'. வாங்கச் சொல்வது கீழே.

மாறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

அக்கா போன்றவர்களின் பக்கத்துக்கு வருகிறவர்கள் குறைவு. பாதிப் பேருக்குப் பழையதையும் பாதிப் பேருக்குப் புதியதையும் காட்டி ஒப்பிடும் சோதனை அந்த எண்ணிக்கையில் எதையும் நிரூபிக்காது. பழைய வடிவத்தில் நான்கு வாரம், புதியதில் நான்கு வாரம் என்று ஒப்பிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். ஆனால் இரண்டும் ஒத்த காலமாக இருக்க வேண்டும். தை மாத அறுவடையும் பொங்கலும் ஒரு பக்கம் விழுந்தால், பட்டன் செய்த வேலையும் பண்டிகை செய்த வேலையும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும். அந்த எட்டு வாரமும் விளம்பரச் செலவையும் விலையையும் மாற்றாதீர்கள்.

கூகுள் அனலிட்டிக்ஸில் மேம்பட்ட அளவீடு இயங்கினால், `wa.me` லிங்கைத் தட்டுவது 'click' என்ற நிகழ்வாகத் தானே பதிவாகும். அதை மட்டும் பார்த்து மகிழக் கூடாது. என் முதல் தவறில் தட்டல்கள் ஏகத்துக்கு ஏறின என்பதை நினைவில் வையுங்கள். தட்டல் எத்தனை, அதில் பணம் வந்து பை கட்டி அனுப்பியது எத்தனை என்று இரண்டையும் ஒரே நோட்டில் அக்கம்பக்கமாக எழுதுங்கள். தட்டல் ஏறி ஆர்டர் ஏறாவிட்டால் பட்டனுக்கு மேலே இன்னும் ஒரு பதில் குறைகிறது. தட்டலே குறைந்து ஆர்டர் ஏறினால் அது நல்ல அறிகுறி, வெறுமனே விலை கேட்க வந்தவர்கள் பக்கத்திலேயே பதில் கண்டுவிட்டார்கள்.

அக்காவுக்கு நடந்தது இந்த இரண்டாவதுதான். மூன்றாம் வாரம் அவர் போனைக் காட்டினார். 'விலை என்ன' என்று வந்த செய்தி ஒன்றிரண்டுதான். மற்றவை 'ஊர்: தஞ்சாவூர்', 'ஊர்: ஈரோடு, கவுனி 1 கிலோ சேத்து அனுப்புங்க' என்று இருந்தன. ஒரு புதுக் கேள்வி மட்டும் நான்கைந்து பேரிடமிருந்து வந்திருந்தது: 'பெங்களூருக்கு அனுப்புவீங்களா?' அடுத்த நாள் கொரியர் அலுவலகத்தில் கட்டணம் கேட்டுவந்து, கொரியர் வரிக்குப் பக்கத்தில் அதையும் சேர்த்தோம்.